"இந்திய அணி" என்று சொல்லிப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை வாங்குகிறார்கள்: மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைகளை விளையாட்டில் விட்டிருக்கும் பெற்றோர் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். நான் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் மைதானத்துக்கு வரும் பதினாறு வயதுக்குட்பட்ட பையன்கள் 16 பேரை ஐரோப்பாவில் நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு அழைத்துப் போகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கினார். யாரும் போகவில்லை. பணத்தைவிடப் பெரிய நஷ்டம், 16 பையன்கள் பேரிலும் விசா மறுப்பு பதிவாகிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதை, பெற்றோர் என்னிடம் கொண்டுவந்த காகிதங்களை வைத்துத்தான் எழுதுகிறேன். அவர் பெயரையோ அமைப்பின் பெயரையோ இங்கே போடவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அவர் தன்னை ஒரு தேசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் செயலாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். திருமங்கலம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் தேர்வு நடத்தினார், வந்த பையன்களில் ஏறக்குறைய எல்லாரும் தேர்வானார்கள். ஆளுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், அதில் ஐம்பதாயிரம் உடனே. கையில் ஒரு கடிதம் கொடுத்தார். மேலே அசோகச் சின்னம் மாதிரி ஒரு முத்திரை, கீழே பதிவு எண், ஐ.எஸ்.ஓ. சான்று எண், நடுவில் "இந்தியாவின் சார்பில் பங்கேற்கும் அணி" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் நகையை அடகு வைத்தார்கள். ஒரு அம்மா என்னிடம் சொன்னது, "இந்தியான்னு போட்டிருந்துச்சு சார், அதுக்கு மேல என்ன பாக்கணும்னு நினைச்சோம்."

அந்தக் கடிதத்தில் இருந்த பதிவு எண் பொய் இல்லை, அதுதான் விஷயமே. யார் வேண்டுமானாலும் ஏழு பேரைச் சேர்த்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம், பெயரில் பொருத்தமாக ஒரு சம்மேளனத்தையும் வைத்துக்கொள்ளலாம். அது பதிவு மட்டும்தான். ஒரு விளையாட்டுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனத்துக்குத்தான் உண்டு. அந்தப் பட்டியல் மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. கால்பந்துக்கு அங்கே இருப்பது அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு. இவர் காட்டிய பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வெளிநாட்டுப் போட்டி பொய் இல்லை. ஐரோப்பாவில் கோடை விடுமுறையில் கிளப்புகள் நேராகப் பெயர் கொடுத்துப் பணம் கட்டி விளையாடும் இளையோர் போட்டிகள் நிறைய உண்டு, ஸ்வீடனின் கோதியா கோப்பை மாதிரி. அதற்குப் போவதில் தப்பே கிடையாது, பையன்களுக்கு நல்ல அனுபவம். ஆனால் அங்கே போகிற அணி ஒரு கிளப் அணி, இந்திய அணி இல்லை. கிளப் போட்டிக்கு "இந்தியா" என்று கடிதம் கொடுப்பவர் பெற்றோரிடம் ஒன்று சொல்கிறார், தூதரகத்திடம் இன்னொன்று சொல்கிறார் என்று அர்த்தம்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். அணியில் 16 பையன்கள், இரண்டு பயிற்சியாளர்கள், ஒரு மேலாளர், மொத்தம் 19 பேர். போட்டி நடத்துபவர்கள் அனுப்பிய அழைப்புக் கடிதத்திலும் பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு அதே 19 பேர். ஆனால் கைரேகை கொடுக்கப் பையன்களும் அப்பாக்களும் இரவு ரயில் ஏறிச் சென்னை விசா மையத்துக்குப் போனபோது, அதே அணி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு இன்னும் ஏழு ஆண்கள் அங்கே நின்றிருக்கிறார்கள். எல்லாருக்கும் இருபதுக்கு மேல், முப்பதுக்கு மேல் வயது. ஒருவருக்கும் இவர்கள் யாரையும் தெரியவில்லை, வேறு மாவட்டத்துக்காரர்கள். ஒரு அப்பா "இவங்க எல்லாம் யாருண்ணே?" என்று கேட்டதற்கு, "அஃபிஷியல்ஸ், கவர்ன்மென்ட் கோட்டா" என்று பதில் வந்திருக்கிறது. பின்னால் கிடைத்த நகலில் பார்த்தால், தூதரகத்துக்குக் கொடுத்த குழுப் பட்டியலில் 26 பேர். உதவிப் பயிற்சியாளர், பிசியோ, ஊடகப் பொறுப்பாளர், உபகரண மேலாளர் என்று ஆளுக்கொரு பதவி. அந்த ஏழு பேரிடம் ஆளுக்கு எட்டு லட்சம் வாங்கியிருக்கிறார் என்று அவர்களில் ஒருவர் பிறகு போலீஸில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் கால்பந்து வேண்டாம், அங்கே போய் இறங்கினால் போதும். நம் பையன்கள்தான் அவருக்கு மறைப்பு.

தூதரகங்களுக்கு இது புதிய கதை இல்லை. 2004-ல் இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லி 23 பேர் ஜெர்மனிக்குப் போய், ஆடிய ஆட்டங்களில் எல்லாம் தோற்று, ஒரு நாள் மொத்தமாகக் காணாமல் போனார்கள். இலங்கைக்கு அப்போது தேசிய ஹேண்ட்பால் அணியே கிடையாது. அதனால் விளையாட்டுக் குழு என்று ஒரு விண்ணப்பம் வந்தால், அழைத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது அவர்களுக்குச் சின்ன வேலை. இங்கே 26, அங்கே 19.

அந்த ஏழு பேருக்கு மட்டும் மறுத்திருக்கலாமே என்று எல்லாப் பெற்றோரும் என்னிடம் கேட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் குழு விசா என்று தனியாக ஒரு தாள் வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனி முடிவு. சேர்ந்து போவது வரிசை நேரமும் பொதுவான ஆவணங்களும்தான். ஆனால் சம்மேளனக் கடிதமும் குழுப் பட்டியலும் 26 கோப்பிலும் ஒரே நகல். அந்தக் காகிதத்தை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் எல்லாக் கோப்பிலும் அதே காகிதம்தான் இருக்கிறது. பையன்களின் மறுப்புப் படிவத்தில் குறியிட்டிருந்த காரணம், இணைத்த ஆவணங்களின் உண்மைத்தன்மையில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது. படிவத்தின் மேலே இருப்பது பையனின் பெயர், பொய் சொன்னவரின் பெயர் இல்லை. ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் இது ஐந்து வருடம் இருக்கும். பிறகு பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ படிக்கப் போக விண்ணப்பித்தாலும், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும்.

மறுப்பு வந்ததையே அவர் சொல்லவில்லை. பாஸ்போர்ட் எல்லாம் அவர் பெயருக்குக் கூரியரில் வரும்படி எழுதி வாங்கியிருந்தார். உறையைப் பிரித்து மறுப்புப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "விசா லேட் ஆகுது, தூதரகத்துல கூட்டம்" என்று வாட்ஸப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார், அதற்கு இடையிலும் விமான டிக்கெட்டுக்கு என்று அடுத்த தவணை கேட்டார். ஒரு பையனின் அக்கா, விசா மையம் கொடுத்த ரசீதில் இருந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் பாஸ்போர்ட் பல நாளுக்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்டது தெரிந்தது. கேட்டால், பாஸ்போர்ட் வேண்டுமானால் ரத்துக் கட்டணம் இருபதாயிரம் என்றார். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தத் தனி ஆளுக்கும் உரிமை கிடையாது. போலீஸில் புகார் கொடுத்த பிறகு இருபதாயிரமும் இல்லாமல் எல்லாப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன.

விசாக் கட்டணம் என்று தனியாக ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் வேறு. ஷெங்கன் விசாக் கட்டணம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 90 யூரோ, ஒன்பதாயிரம் ரூபாயைச் சுற்றி, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். அதிலும், இலாப நோக்கமில்லாத அமைப்பின் சார்பில், அப்படிப்பட்ட இன்னொரு அமைப்பு நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயது வரையிலானவர்களுக்கு அந்த 90 யூரோவும் கிடையாது, இரண்டு பக்க அமைப்புகளும் அப்படிப்பட்டவை என்று காகிதம் காட்டினால் போதும். இவர் அந்தச் சலுகையைப் பையன்களுக்கு வாங்கியே இருக்கிறார், மைய ரசீதில் விசாக் கட்டணம் பூஜ்யம். அந்த ரசீதைப் பையன் கையில்தான் கொடுத்தார்கள், வெளியே வந்ததும் இவர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு பேர் மட்டும் கொடுக்காமல் வைத்திருந்ததால் இன்றைக்குச் சாட்சி இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்புக் கடிதம், சம்மேளனக் கடிதம், விசாவுக்குக் கொடுக்கும் குழுப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். மூன்றிலும் அதே ஆட்கள் இருக்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒரு பெற்றோர் "எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். பதினாறு பையன்களுக்குப் பத்து அதிகாரிகள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அழைப்பு அனுப்பியவர்களின் மின்னஞ்சலைப் போட்டியின் இணையதளத்தில் நீங்களே தேடி எடுத்து எழுதிக் கேளுங்கள், அவர் கொடுத்த முகவரிக்கு எழுதாதீர்கள். எங்கள் விஷயத்தில் ஒரு வரி கேட்டதற்கு மறுநாளே முழுப் பட்டியலை அனுப்பினார்கள், ஆனால் கேட்டது மறுப்புக்குப் பிறகு.

நம் ஊரில் இனிஷியல் ஒரு தொல்லை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியலும் பெயரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில், சில பேருக்கு அந்த இடம் காலி. பட்டியலைப் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்தால் பாதிப் பேர் வேறு ஆள் மாதிரித் தெரிவார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. கூரியர் முகவரி உங்கள் வீட்டு முகவரியாக இருக்கட்டும்.

மறுப்புப் படிவத்திலேயே மேல்முறையீடு செய்யும் வழியும் கெடுவும் எழுதியிருக்கும். அவர் படிவத்தை ஒளித்து வைத்ததால் எங்கள் பையன்களுக்குக் கெடு போய்விட்டது. இப்போது ஒவ்வொருவருக்கும் காவல்துறைப் புகார் ரசீது, போட்டி அமைப்பாளர் அனுப்பிய 19 பேர் பட்டியல், மறுப்புப் படிவத்தின் நகல் மூன்றையும் சேர்த்து ஒரு கோப்பு போட்டுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த முறை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் மறுப்பை மறைக்காமல் எழுதி, இதை இணைக்க வேண்டும்.

இதே ஆள் விருதுநகர், தேனிப் பக்கமும் தேர்வு நடத்தியிருக்கிறார் என்று கேள்விப்படுகிறோம். அங்கே பணம் கட்டிய பெற்றோர் இருந்தால் பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸப் உரையாடல், விசா மைய ரசீது எதையும் அழிக்காமல் உங்கள் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள், எங்கள் புகார் விவரம் வேண்டுமானால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், தருகிறேன்.