எஸ்ஐபி விளக்கும் 90 நொடி வீடியோ: 20 லட்சத்தில் தொடங்குவதா, 16,000 ரூபாயிலா?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில், எஸ்ஐபி என்ற மாதத் தவணை முறையில் 2,000 ரூபாய் போடுவதைப் பற்றி 90 நொடி வீடியோ ஒன்று செய்தேன். இரண்டு விதமாக எடுத்துப் பார்த்து, இரண்டாவதையே வைத்துக்கொண்டேன்.

முதல் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கால்குலேட்டரில் 2,000 ரூபாய், 20 ஆண்டு, 12 சதவீதம் என்று போட்டால், கட்டிய 4.8 லட்சம் ஏறக்குறைய 20 லட்சமாகத் தெரியும். கடைசி மூன்று நொடியில் "சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை" என்று வேகமாகப் படித்து முடித்துவிடலாம். எடுப்பது சுலபம், பார்ப்பவருக்கும் பிடிக்கும். ஆனால் 12 என்பது நாமே போட்ட எண். அதை 8 ஆக்கினால் அதே 20 ஆண்டுக்குப் பிறகு 12 லட்சம்கூட வராது.

இரண்டாவது விதம் நஷ்டத்தில் தொடங்குகிறது. ஏப்ரல் 2019 முதல் மார்ச் 2020 வரை மாதத் தொடக்கத்தில் 2,000 ரூபாய் கட்டிய ஒருவரை எடுத்துக்கொண்டேன். மொத்தம் 24,000. மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-இல் முடிந்தது. அவர் வாங்கிய நாட்களில் நிஃப்டியின் சராசரி 11,600-ஐ ஒட்டியது. அன்று அவர் கையில் இருந்தது சுமார் 16,000 ரூபாய்தான். இதையே வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டியில் போட்டிருந்தால் 24,000-க்குக் குறைந்திருக்காது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காட்சிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "35 சதவீதம் சரிவு" என்றால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். "எட்டாயிரம் குறைந்தது" என்றால் நிற்கிறார்கள். ஒரு தம்பி அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, "அந்த எட்டாயிரம் எங்கண்ணா போச்சு?" என்று கேட்டார். கட்டிய பணத்துக்கு வாங்கிய ஃபண்ட் யூனிட்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு யூனிட்டின் விலைதான் இறங்கியது, அன்று விற்றால் மட்டுமே நஷ்டம் உறுதியாகும் என்று அவருக்குச் சொன்ன பதிலையே அடுத்த காட்சியாகச் சேர்த்தேன்.

அதற்கு அடுத்து, 2020 டிசம்பர் கடைசியில் நிஃப்டி 13,900-ஐத் தாண்டியதைக் காட்டும் வரைபடம் ஒன்று வைத்திருந்தேன். பிறகு வெட்டிவிட்டேன். மார்ச்சில் அது யாருக்கும் தெரியாது. அதைக் காட்டினால் "எப்படியும் ஒரு வருஷத்தில் ஏறிடும்" என்றுதான் மனதில் பதியும். அதற்குப் பதிலாக, "எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்" என்ற வரியை நிதானமாகப் பேசி வைத்தேன்.

இரண்டாவதில் ஒரு குறை உண்டு. பார்த்த பதினொரு பேரில் நான்கு பேர் "எனக்கு ஆர்டியே போதும்" என்றார்கள். அதில் ஒருவருக்கு அடுத்த வருடம் தங்கை கல்யாணம். அவருக்கு அதுதான் சரி. மற்ற மூவரை வீடியோ தேவைக்கு மேல் பயமுறுத்திவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எஸ்ஐபி தொடங்கியவர்களும் இன்னும் பெரிய சரிவு எதையும் பார்க்கவில்லை.