தேவைக்குத் தேவையா, முழு லாட்டா? ஓர் இம்பெல்லர் கணக்கு

கோயம்புத்தூர் பக்கம் மோனோபிளாக் பம்பு செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கடைசல் முடிந்த இம்பெல்லர் இன்று கையில் 70 இருக்கிறது. ஏற்கெனவே ஆர்டர் போட்ட 50, 2ஆம் வாரம் வரவேண்டும். புதிதாக ஆர்டர் விட்டால் சரக்கு வர 2 வாரம் ஆகும்.

ஆறு வாரத்துக்கான மொத்தத் தேவை: 40, 60, 0, 90, 50, 70.

முதல் வாரம் 40 போக 30 மிச்சம். அதோடு வரும் 50ஐச் சேர்த்து 60 கழித்தால் 20. அது 4ஆம் வாரம் வரை அப்படியே நிற்கும். அங்கே 90 வேண்டும், 20 இருக்கிறது. ஆக நிகரத் தேவை 70. அடுத்த இரண்டு வாரங்களுக்கு 50, 70. இதுவரை இரண்டு முறைக்கும் கணக்கு ஒன்றுதான். எவ்வளவு ஆர்டர் விடுவது என்பதில்தான் வழி பிரிகிறது. தேவைக்குத் தேவை என்றால் நிகரத் தேவை எவ்வளவோ அவ்வளவு மட்டும். லாட் என்றால் எப்போது விட்டாலும் முழு 120.

| ஆர்டர் விடும் வாரம் | தேவைக்குத் தேவை | 120 லாட் |
|---|---|---|
| 2 | 70 | 120 |
| 3 | 50 | 0 |
| 4 | 70 | 120 |

லாட் முறையில் ஒரு மெஷின் செட்டிங் மிச்சம். ஆனால் 6ஆம் வார முடிவில் 50 இம்பெல்லர் அலமாரியில் தங்கிவிடும். இதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பார்க்கத் தவறுவது வேறொன்று.

4ஆம் வாரத் தேவை 90 இல்லை, 91 என்று வைத்துப் பாருங்கள். தேவைக்குத் தேவை முறையில் 70 என்பது 71 ஆகும், அவ்வளவுதான். லாட் முறையில் 4ஆம் வார மிச்சம் 50க்குப் பதில் 49. 5ஆம் வாரத்துக்கு ஒன்று குறைகிறது. அந்த ஒன்றுக்காக அடுத்த 120 முழுவதும் ஒரு வாரம் முன்னால் நகர்ந்து, 3ஆம் வாரமே ஆர்டராக வெளியேறும். இம்பெல்லரைக் கடைய எடுக்கும் வார்ப்புக்கு இந்த ஆர்டர்தான் மொத்தத் தேவை. அதனால் ஃபவுண்டரிக்கும் 120 வார்ப்பு ஒரு வாரம் முன்னதாகக் கேட்டுப் போகும். திட்டம் வாரா வாரம் ஆடுகிறது என்று புலம்பும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது இந்த லாட் அளவைத்தான்.

சரி, தேவைக்குத் தேவைதான் நல்லதா? அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. 4ஆம் வாரம் முதல் மிச்சம் பூஜ்யம். இன்றைய கையிருப்பு கணினியில் 70 என்று இருந்து அலமாரியில் 64 மட்டும் இருந்தால், 4ஆம் வாரம் ஆறு பம்பு நின்றுவிடும். லாட் முறையில் மிச்சமுள்ள 50 அதைத் தாங்கிக்கொள்ளும், 5ஆம் வாரம்தான் குறை தெரியும்.

2ஆம் வாரம் வரவேண்டிய 50லும் இப்படிக் கணக்குப் பிசகலாம். சரக்கு வந்து இறங்கி, ஆர்டரை மூடாமல் விட்டால் கையிருப்பிலும் வரவிலும் இரண்டு தடவை கணக்காகும். தேதி கடந்தும் திறந்தே கிடக்கும் ஆர்டர்களை வாரம் ஒருமுறை பார்த்தால் இது பிடிபடும்.

என் தேர்வு: பம்புக்கும் இம்பெல்லருக்கும் தேவைக்குத் தேவை. அச்சு மாற்றும் செலவு உள்ள வார்ப்புக்கு மட்டும் லாட். அதற்குக் கீழே ஆட்டம் காண வேறு பாகம் இல்லை.