நேஷனல் பெர்மிட்டா, தற்காலிக பெர்மிட்டா?

மதுரை பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, தேனி, குமுளி வழியாகக் கோட்டயம் போகும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். அதனிடம் தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும்தான் இருக்கிறது என்றால், கேரளாவுக்குத் தற்காலிக பெர்மிட் வாங்கி, அந்த மாநில வரியையும் எல்லை தாண்டும் முன்பே கட்ட வேண்டும். வரியை checkpost.parivahan.gov.in தளத்தில் செலுத்தலாம். நாள் கணக்கில் கட்டிய வரி, இறக்குக்கூலி தகராறில் வண்டி ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் தீர்ந்துவிடும். பிடிபட்டால் அபராதம்.

நேஷனல் பெர்மிட்டில் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த கட்டணம் 16,500 ரூபாய், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாய். மற்ற மாநிலங்களில் தனியாக எல்லை வரி இல்லை. தமிழ்நாட்டுச் சாலை வரி மட்டும் வழக்கம்போல் தொடரும். ஒரு நடைக்கு பெர்மிட்டும் வரியுமாக 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், 12-வது நடையிலேயே இது லாபம். வாரம் ஒரு நடை போகிறவர் யோசிக்கவே வேண்டாம். சீசனுக்கு இரண்டு, மூன்று நடை என்றால் தற்காலிகமே போதும்.

ஆனால் நேஷனல் பெர்மிட் இருக்கிறதே என்று கோட்டயத்தில் ஏற்றிக் கொச்சியில் இறக்கக் கூடாது; அடுத்த மாநிலத்துக்குள்ளேயே ஏற்றி இறக்க அதில் இடமில்லை. கொச்சியில் ஏற்றி மதுரைக்கு வரலாம். அப்புறம், பெர்மிட் 5 ஆண்டுக்கு இருந்தாலும் அங்கீகாரம் ஓராண்டுதான். கிளம்பும் முன் இரண்டு தேதியையும் பாருங்கள்.