காலி செய்யும் நோட்டீஸ்: நாலு வரி போதுமா, ஒப்படைப்பையும் அட்வான்ஸையும் சேர்த்தே எழுதலாமா?

அலுவலக வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. உரிமையாளருக்கு நோட்டீஸை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று நாலு வரிக் கடிதம்: ஒப்பந்தம் இந்தத் தேதியில் முடிகிறது, காலி செய்கிறோம், அட்வான்ஸைத் திருப்பித் தரவும். இன்னொன்று ஒன்றரைப் பக்கம் போகும்: எந்தத் தேதியில் இரு தரப்பும் சேர்ந்து இடத்தைச் சுற்றிப் பார்ப்பது, எதைக் கழற்றுவோம் எதை விட்டுப்போவோம், சாவியை யாரிடம் கொடுப்பது, அட்வான்ஸ் எந்தக் கணக்குக்கு எப்போது வர வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே கடிதத்தில் எழுதிவிடுவது. நாங்கள் இரண்டாவதைத்தான் அனுப்பினோம், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவானவை சில. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு, அதில் சொன்ன முறையில், கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் எழுத வேண்டும். நோட்டீஸ் காலத்தைக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவதா, கிடைத்த நாளிலிருந்தா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்; தெளிவாக இல்லையென்றால் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. அப்புறம், தேதி வந்தால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடுமே, கடிதம் எதற்கு என்று நினைப்பவர்கள் புதுப்பிப்புப் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது, ஏனென்றால் எதுவும் சொல்லாவிட்டால் தானாக நீளும் என்றோ, முடிந்தபின் தங்கினால் வாடகை கூடும் என்றோ எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

நாலு வரிக் கடிதம் மோசமானதல்ல. சீக்கிரம் எழுதலாம், தேவையில்லாத வாக்குறுதி எதுவும் அதில் நுழையாது, உரிமையாளரும் முகம் சுளிக்க மாட்டார். உள்ளே ஒரு ஆணிகூட அடிக்காத வெற்று அறை, பல வருடப் பழக்கம், சின்ன அட்வான்ஸ் என்றால் அது தாராளமாகப் போதும்.

ஆனால் அட்வான்ஸ் பெரிதாக இருந்து, உள்ளே பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங், கேபிள் என்று நிறைய வேலை செய்திருந்தால், ஒரே ஒரு விஷயம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது: பழுதுகளின் பட்டியல் நீங்கள் உள்ளே இருக்கும்போதே வருகிறதா, வெளியே போனபிறகு வருகிறதா. உள்ளே இருக்கும்போது வந்தால் ஒவ்வொன்றையும் நேரில் காட்டிப் பேசலாம், உங்கள் ஆளை வைத்து உங்கள் செலவில் சரிசெய்யலாம். சாவி கொடுத்தபிறகு வந்தால் உங்கள் கையில் இருப்பது அவர் அனுப்பும் மதிப்பீட்டுத் தாள் மட்டும்தான். பணமும் அவரிடம், இடமும் அவரிடம், நடுவில் அங்கே வேறு யார் வந்துபோனார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. நாலு வரிக் கடிதம் இந்தப் பேச்சைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

எங்களுக்கு ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிந்தது. நோட்டீஸ் இரண்டு மாதம், அட்வான்ஸ் ஆறு மாத வாடகை. ஜனவரி தொடக்கத்தில் கடிதம் போனது, பிப்ரவரி நடுவில் முதல் பார்வை என்று அதிலேயே கேட்டிருந்தோம். உரிமையாளர் தரப்பில் வந்தவர் ஐந்து விஷயங்களை எழுதினார்: பார்ட்டிஷனை எடுக்க வேண்டும், முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டும், சீலிங்கில் நீர்க்கறை, நடைபாதையில் தேய்ந்த கார்ப்பெட், பெயர்ப்பலகை இருந்த சுவரில் ஓட்டைகள். அப்படியே ஒப்புக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை அதிலேயே போயிருக்கும்.

நின்று பேசியதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பிரிந்தது. பெயின்ட் மங்குவதும் ஆள் நடந்து கார்ப்பெட் தேய்வதும் சாதாரண உபயோகத் தேய்மானம். எங்கள் ஒப்பந்தம் அதை வெளிப்படையாக விலக்கியிருந்தது, அதனால் அவை பட்டியலிலிருந்து போயின. எங்கள் நிறுவன நிறத்தில் நாங்களே அடித்த ஒரு சுவர் மட்டும் எங்கள் பொறுப்பு. நீர்க்கறை மேல்தளக் குழாயிலிருந்து வந்தது, அதைப் பற்றி அப்போதே மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம், அதனால் அந்தக் கறையும் பட்டியலிலிருந்து போனது. ஓட்டைகளை நாங்கள் அடைத்தோம். பார்ட்டிஷன்தான் பெரிய செலவு. ஒப்பந்தப்படி எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அடுத்து வருபவருக்கு அது வேண்டியிருக்கலாமே என்று கேட்டதும் விசாரித்துவிட்டு இருக்கட்டும் என்றார்கள், அதையும் எழுத்தில் வாங்கினோம். ஏப்ரலில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இடித்த செலவு என்று ஒரு பில்தான் வந்திருக்கும்.

அட்வான்ஸ் பற்றி எங்கள் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: “மார்ச் 31 அன்று காலி இடத்தையும் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கிறோம். கூட்டுப் பார்வையில் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிடித்தங்கள் போக மீதி அட்வான்ஸை அன்றே கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தக் கோருகிறோம். கடைசி மின்கட்டணத்துக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் அட்வான்ஸில் அரை மாத வாடகை அளவுக்கு மட்டும் நிறுத்திவைத்து, பில் வந்ததும் கணக்கு முடிக்கலாம்.” அந்தக் கடைசி வரி வேண்டுமென்றே சேர்த்தது. பில் இன்னும் வரவில்லை என்று சொல்லி முழுத் தொகையையும் பிடித்துவைக்க அதன்பிறகு காரணம் இருக்காது. ஆனால் ஒப்படைத்து இத்தனை நாளுக்குள் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் அன்றே கொடு என்று வற்புறுத்த முடியாது. அந்தக் கெடு முடியும் தேதியைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

நீளமான கடிதத்துக்கும் ஆபத்து உண்டு. “இடத்தைப் பழையபடி மாற்றித் தருகிறோம்” என்று மரியாதைக்கு எழுதிய ஒரு வரி, ஒப்பந்தம் கேட்காததையும் உங்கள் தலையில் கட்டிவிடும். “ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி” என்று மட்டும் எழுதுங்கள். சாமான் இறக்கும் ஆட்களை கடைசி நாளில் நம்பாதீர்கள். நாலைந்து நாள் முன்பே இடம் காலியாகட்டும், ஒரு பீரோ உள்ளே நின்றால்கூட ஒப்படைப்பு முடியவில்லை என்று வாதாட இடம் கிடைக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியைப் பலர் சொல்வார்கள்: கடைசி மாதங்களின் வாடகையைக் கட்டாமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது. பணம் திரும்பாது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் செய்தால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும், வட்டிப் பிரிவு இருந்தால் வட்டியும் ஓடும், பழுதுக் கோரிக்கையும் அப்படியே நிற்கும். சம்மதம் கிடைத்தால் சரி.

எங்களுடையது ஒரே தளத்தில் இருந்த சின்ன அலுவலகம். தொழிற்சாலை, பெரிய கிடங்கு என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவே தனிக் கணக்கு, அங்கே மதிப்பீட்டாளரை வைத்துப் பேசுவதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. பார்வைக்கு வரவே மறுக்கும் உரிமையாளரையும் நாங்கள் சந்திக்கவில்லை. அப்படியானால் வெளி ஆள் ஒருவரைச் சாட்சியாக வைத்து, அறை அறையாகத் தேதியோடு படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்புவதைத்தான் நான் செய்வேன்.

கடைசி நாளில் ஒரு தாள் போதும்: எத்தனை சாவி, எத்தனை நுழைவு அட்டை, மீட்டர் ரீடிங், ஒப்புக்கொண்ட பிடித்தம், “இடத்தின் சுவாதீனம் இன்று பெறப்பட்டது” என்ற வரி, இரண்டு கையெழுத்து. கையெழுத்திட மறுத்தால் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒப்படைக்க வந்தோம், வாங்க மறுத்தார்கள், எப்போது வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம் என்று அன்றே எழுதி அனுப்பிவிட்டால், ஏப்ரல் வாடகை கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் அதிலேயே இருக்கும்.