மைதான புக்கிங் ஆப்பில் போன 6,000 ரூபாய்: டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் படிக்கவும்

கோபி பக்கம் எங்கள் ஏரியாவில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் வைத்தோம். எட்டு டீம், டீமுக்கு 3,500, மொத்தம் 28,000 ரூபாய். இரண்டு நாள் மைதான வாடகை 6,000, சாப்பாடு, டீ, மோருக்கு 4,800, பந்துக்கும் அம்பயருக்கும் 2,200. மீதி 15,000 பரிசு என்று நோட்டீஸ் அடித்து டீக்கடைகளில் ஒட்டியாயிற்று.

மைதானத்தை ஒரு புக்கிங் ஆப்பில் பிடித்தோம். பாதி அட்வான்ஸ் தருகிறேன் என்றேன். போனில் பேசியவன், "ஏனுங்ணா, பாதி கட்டினா வேற டீம் எடுத்துருவாங்க. முழுசா போடுங்க, மைதானம் உங்களுக்குத்தான், நானாச்சு" என்றான். நம்ம ஊர்ப் பேச்சு, அவ்வளவு மரியாதை. 6,000 ரூபாயும் போட்டேன். "புக்கிங் உறுதி" என்று மெசேஜும் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு டீமும் போய் நிற்கிறோம், அங்கே வேறு மேட்ச் ஓடுகிறது! மைதானக்காரர், "எனக்கு ஆப்பிலிருந்து பத்து பைசா வரலீங்க, அவங்களையே கேளுங்க" என்றார். ஆப்புக்குப் போன் போட்டால், "மைதானத்துக்காரர் ரத்து செஞ்சுட்டாருங்ணா, அவர்கிட்டயே பேசிக்கோங்க." மறுபடி கூப்பிட்டால், "உங்க புகார் பரிசீலனையில இருக்குது." அப்புறம் போனே எடுக்கவில்லை. 6,000 ரூபாய்!

வெயில் ஏறுவதற்குள் வேறு மைதானம் 8,000 ரூபாய்க்குப் பிடித்தோம். அம்பயர் காசையும் சாப்பாட்டுச் செலவையும் குறைக்க முடியாது. வெட்டு விழுந்தது பரிசில்தான். 15,000 என்று போட்ட இடத்தில் மிஞ்சியது 7,000. முதல் பரிசு 5,000, இரண்டாம் பரிசு 2,000. ஜெயித்த பையன்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதோடு முடியவில்லை. முதல் ரவுண்டில் தோற்ற டீம்கள், "6,000 திரும்பி வந்தா எட்டாப் பிரிச்சு 750 குடுங்க" என்கின்றன. அது நியாயமில்லை. நுழைவுக் கட்டணத்துக்கு அவர்களுக்கு மைதானமும் சாப்பாடும் கிடைத்துவிட்டன. நஷ்டம் முழுவதையும் தாங்கியது பைனலுக்கு வந்த இரண்டு டீம்தான். பணம் வந்தால் அவர்களுக்கே போக வேண்டும், முதலில் பேசியபடி இரண்டுக்கு ஒன்று என்று, 4,000மும் 2,000மும். நான் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லா கேப்டன்களிடமும் இதை எழுதி வாங்கியிருந்தால் இன்று வாட்ஸாப் குரூப்பில் இந்தச் சண்டையே இருக்காது.

அவசரமாகச் சொல்கிறேன். ஆப் என்ன சொன்னாலும் மைதானக்காரரை நேரில் பார்த்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். முழு வாடகை முன்கூட்டித் தராதீர்கள். நோட்டீசில் பரிசுத் தொகையை அடிக்காதீர்கள், "செலவு போக மீதி" என்று போடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, பேங்கிலும் புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன். அந்த 6,000 இன்னும் வரவில்லை.