வேலையை வேண்டாமென்று எழுதுவது: தங்கச்சியின் மூன்று வரைவுகள்

போன மாதம் ஒரு நாள், உப்புவெளியில் சித்தப்பா வீட்டு விறாந்தையில் நானும் தங்கச்சியும் மடிக்கணினியோடு இரவு பத்து மணிவரை இருந்தோம். அவளுக்கு இரண்டு மென்பொருள் நிறுவனங்களில் வேலை கிடைத்திருந்தது. கொழும்பு நிறுவனம் வாரத்தில் நான்கு நாள் அலுவலகம் வரச் சொன்னது. மற்றது வெளிநாட்டுக் குழு. திருகோணமலையில் இருந்தபடியே வேலை செய்யலாம், சம்பளமும் கூட. அன்று பின்னேரம் அதன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டாள். கொழும்புக்கு என்ன எழுதுவது?

அவள் முதலில் எழுதியது நீண்ட கடிதம். நான்கு இடத்தில் மன்னிப்பு, அம்மாவின் முழங்கால் வலி, மற்ற நிறுவனத்தின் பெயர், சம்பள வித்தியாசம் எல்லாம் இருந்தன. வாசிக்கும்போது மனதைத் தொட்டது. ஆனாலும் நான் வேண்டாமென்றேன். காரணம் சொல்லச் சொல்ல எதிர்ப்பக்கம் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது. சம்பளத் தொகையைச் சொன்னால் எச்.ஆர். கணக்குப் போடுவார்: "நாங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறோம், ஒப்பந்தக்காரராக எடுக்கும் வெளிநாட்டுக் குழு அதைத் தருமா? மிச்சத்தை நாங்கள் கூட்டித் தருகிறோம்." கணக்கு நியாயமானதுதான், ஆனால் அவள் கையெழுத்திட்டாயிற்று. மறுபடியும் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். உறவு கசப்பது அந்த இரண்டாவது மறுப்பில்தான்.

இரண்டாவது வரைவு நேர் எதிர்: "உங்கள் வாய்ப்புக்கு நன்றி. என்னால் அதை ஏற்க இயலவில்லை." பேரம் பேச இதில் வழியே இல்லை. ஒரேயொரு தொலைபேசி நேர்காணலோடு வந்த வாய்ப்பென்றால் இதையே அனுப்பச் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே குழுத் தலைவர் ஒன்றரை மணி நேரம் அவளோடு இருந்து, அவள் எழுதிய நிரலை வரிவரியாகப் பார்த்து, ஒரு தரவுத்தள வினவல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று விளக்கியிருக்கிறார். அவருக்கு இரண்டு வரி போதாது.

மூன்றாவதை இருவருமாக எழுதினோம். அனுப்பியது ஆங்கிலத்தில், தமிழில் இப்படி வரும்:

"வணக்கம். நீங்கள் தந்த மென்பொருள் பொறியாளர் பதவியை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வேறொரு வாய்ப்பை ஏற்று ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. இப்போதைய என் சூழலுக்கு அது பொருந்துகிறது. நேர்காணலில் தரவுத்தள இண்டெக்ஸ்களைப் பற்றி உங்கள் குழுத் தலைவர் சொன்னதை அன்றிரவே என் திட்டத்தில் செய்து பார்த்தேன், வினவல் வேகமானது. அவருக்கும் நன்றி சொல்லுங்கள். இந்தப் பதவிக்குப் பொருத்தமான ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார், நீங்கள் விரும்பினால் அவரிடம் கேட்டுவிட்டு விவரம் அனுப்புகிறேன்."

முடிவு முதல் வசனத்திலேயே இருக்கிறது. கடைசிவரை வாசித்துத்தான் மறுப்பென்று கண்டுபிடிக்க வேண்டிய கடிதம் வாசிப்பவரை வருத்தும். "கையெழுத்தாகிவிட்டது" என்ற சொல் பேரத்தை மூடுகிறது. தொகையும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. இண்டெக்ஸ் பற்றிய வரிதான் எனக்கு மிகப் பிடித்தது. அதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. அப்படி ஒரு உண்மையான விஷயம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம், புகழ்ச்சியால் நிரப்பத் தேவையில்லை.

"ஃபோன் எடுத்துச் சொன்னால் என்ன அண்ணா?" என்று கேட்டாள். எச்.ஆர். தொடக்கத்திலிருந்தே தொலைபேசியில் பேசிவந்தவர் என்றால் அதுவும் நல்லதுதான், குரலில் வரும் நட்பு எழுத்தில் வராது. ஆனால் "அங்கே எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்டால் வாய் தவறித் தொகை வந்துவிடும். பேசினாலும் அப்புறம் எழுத்தில் அனுப்பத்தான் வேண்டும், அவர்கள் பதிவில் இருக்கப்போவது அதுதான். அவளோடு எல்லாமே மின்னஞ்சலில் நடந்ததால், வேலை தந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே எழுதினோம்.

பதில் தரும் கெடு வெள்ளிக்கிழமை. புதன் காலை ஒன்பது மணிக்கு அனுப்பினாள். இரண்டாம் இடத்தில் காத்திருப்பவர் வேறு வேலைக்குப் போகுமுன் அவரை அழைக்க அந்த இரண்டு நாள் உதவும். அதற்காக இன்னும் முந்தி அனுப்பவும் கூடாது. மற்ற இடம் வாயால் "சரி" சொன்னதை நம்பி மறுப்பை அனுப்பிவிட்டு, ஒப்பந்தம் வராமலே போனால் இரண்டும் இல்லாமல் போகும்.

கொழும்பு நிறுவனம் தந்த வேலைக் கடிதத்தில் அவள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் இந்த வரைவு சரிவராது. அது மறுப்பல்ல, கொடுத்த சொல்லை மாற்றுவது. முதலில் ஒப்பந்தத்தில் விலகல் பற்றி என்ன இருக்கிறதென்று பார்த்து, மன்னிப்போடு தொடங்க வேண்டும்.

புதன் பின்னேரம் குழுத் தலைவரே பதில் எழுதினார், வகுப்புத் தோழியின் விவரம் கேட்டு. தங்கச்சி முதலில் தோழியை அழைத்துச் சம்மதம் கேட்டாள், அப்புறம்தான் அனுப்பினாள்.