384 பேர் ஏன்? அட்டவணையா, ஆற்றல் கணக்கீடா?

உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், மாதிரியில் 384 ஆசிரியர்கள் என்பதற்கு கிரெய்சி–மார்கன் மாதிரி அளவு அட்டவணையை மட்டுமே காரணம் காட்டியிருக்கிறீர்கள். பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை 5 சதவீதப் பிழைக்குள் மதிப்பிடத்தான் அந்த எண். அதுவும் சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால். நீங்களோ அரசுப் பள்ளி, தனியார் பள்ளி ஆசிரியர்களின் பணி நிறைவை ஒப்பிடுகிறீர்கள். அதற்கு, இருக்கும் வேறுபாட்டைக் கண்டறிய எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்கும் ஆற்றல் கணக்கீடே பொருத்தம். 5 சதவீத முக்கியத்துவ நிலையில், நடுத்தர வேறுபாட்டை (d = 0.5) 80 சதவீத வாய்ப்போடு கண்டறியக் குழுவுக்கு 64 பேர் போதும்; சிறிய வேறுபாடு (d = 0.2) என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 394 பேர் வேண்டும். எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முந்தைய ஆய்வுகளைக் காட்டி எழுதுங்கள். அப்புறம், வாட்ஸ்அப் குழுக்களில் படிவம் அனுப்பிச் சேர்த்தது வசதிக்கேற்ற மாதிரிதான்; எண்ணைக் கூட்டினாலும் அந்தச் சாய்வு போகாது. யார் விடுபட்டார்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.